சோக்கர், பிரின்சஸ், மேட்டினி: வட்டக் கழுத்து ரவிக்கைக்கு எந்த நீளம்?

மணமகளின் அக்கா, 4 ஜூன் 2023

தங்கையின் திருமண வரவேற்புக்கு முத்துமாலை ஒன்று வாங்க வேண்டும். இணையக் கடைகளில் நீளத்துக்கு ஆளுக்கொரு கணக்கு. ஓரிடத்தில் சோக்கர் என்றால் 14 முதல் 16 அங்குலம், இன்னோரிடத்தில் 16 அங்குலத்திலேயே பிரின்சஸ் தொடங்கிவிடுகிறது. வட்டக் கழுத்துக்கு பிரின்சஸ்தான் பொருந்தும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. புடவைக்கு மேட்டினி என்று சிலர், சோக்கர் என்று சிலர்.

எங்களுடையது வட்டக் கழுத்து ரவிக்கை, மேலே பட்டுப்புடவை. இரண்டுக்கும் சேர்த்து யாரும் பதில் சொல்லவில்லை. முன்கழுத்து ஆழம் 6 அங்குலம், தைத்து வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது. எந்த நீளம் வாங்கலாம்?

சிவப்புக்கல், 4 ஜூன் 2023

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 18 அங்குலம். எந்தக் கழுத்தானாலும் காறை எலும்பின் மேல் வந்து நிற்கும். கல்லூரிக் காலத்திலிருந்து அதைத்தான் போடுகிறேன். இன்றுவரை குறை சொன்னவர் இல்லை.

ஊசிநூல், 4 ஜூன் 2023

ரவிக்கை தைப்பவள் என்ற முறையில் ஒரு கேள்வி. அந்த 6 அங்குலம் தோளில் கழுத்து தொடங்கும் இடத்திலிருந்து அளந்ததுதானே? எங்கள் கடையில் அப்படித்தான் அளப்போம். கழுத்துக்குழியிலிருந்து 6 அங்குலம் என்று நினைத்துக்கொண்டு நகை தேடினால் கணக்கு மொத்தமும் தவறிவிடும். பெரும்பாலானவர்களுக்குக் குழியே தோளிலிருந்து ஏறக்குறைய 3 அங்குலம் கீழே இருக்கும். அப்படியானால் குழிக்கும் ரவிக்கை விளிம்புக்கும் நடுவில் மிஞ்சுவது 3 அங்குலம் மட்டுமே. மாலைக்கு உள்ள இடம் அவ்வளவுதான்.

புதுமாப்பிள்ளை, 5 ஜூன் 2023

நானும் மனைவிக்கு நெக்லஸ் வாங்கத்தான் இங்கே வந்தேன். சேதாரம் எத்தனை சதவீதம் வரை கொடுக்கலாம்?

சிவப்புக்கல், 5 ஜூன் 2023

தம்பி, இங்கே பேச்சு நீளத்தைப் பற்றி. சேதாரத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போனால் சண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சரம் கோப்பவர், 5 ஜூன் 2023

முத்தும் பவளமும் கோத்துக் கொடுப்பது என் தொழில். முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். முத்து வியாபாரத்தில் பொதுவாக 14 முதல் 16 அங்குலம் வரை சோக்கர், 17 முதல் 19 வரை பிரின்சஸ், 20 முதல் 24 வரை மேட்டினி, 28 முதல் 36 வரை ஓப்ரா, அதற்கு மேல் ரோப். இந்தக் கணக்கில் 25, 26, 27 அங்குலங்களுக்குப் பெயரே கிடையாது. அந்த நீளத்தில் கோத்துத் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. கடைக்குக் கடை ஓர் அங்குலம் இப்படியும் அப்படியும் மாறுவதால், பெயரை விட்டுவிட்டு அங்குலத்தைக் கேளுங்கள். அந்த அங்குலம் கொக்கியையும் சேர்த்தா என்றும் கேளுங்கள். மேசைமேல் நேராக நீட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளப்பதுதான் வழக்கம். பதக்கம் அதில் சேராது.

பெயர்கள் சொல்லாத ஒன்று உண்டு: முத்தின் பருமன். கழுத்தைச் சுற்றுவது சரத்தின் உள்பக்கம், ஆனால் அளப்பது நூல் ஓடும் நடுப்பகுதியை. மெல்லிய சங்கிலியில் இந்த வேறுபாடு தெரியாது. 8 மி.மீ. முத்தென்றால் சுற்றளவில் ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ளே போய்விடும். 16 அங்குல முத்துச்சரம் கழுத்துக்கு 15 அங்குலம்போலத்தான் நடந்துகொள்ளும். சங்கிலியில் 16 போட்டுப் பழகியவர் அதே 16 என்று முத்து வாங்கி, மூச்சு முட்டுகிறது என்று திரும்ப வருவது இதனால்தான்.

சிவப்புக்கல், எந்தக் கழுத்தானாலும் 18 காறை எலும்பில் நிற்கும் என்கிறீர்கள். உங்கள் கழுத்துக்கு நிற்கிறது. கழுத்தின் அடிச்சுற்று 13 அங்குலம் உள்ளவருக்கு அது எலும்பைத் தாண்டி இறங்கும். 17 உள்ளவருக்குக் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சிவப்புக்கல், 5 ஜூன் 2023

சரி, எந்தக் கழுத்தானாலும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். 18 அழகு என்றதைத் திரும்பப் பெறவில்லை.

மணமகளின் அக்கா, 7 ஜூன் 2023

தங்கையை உட்காரவைத்து அளந்தேன். சங்கிலி படியும் இடத்தில் அடிச்சுற்று 15 அங்குலம். ஊசிநூல் சொன்னபடி 6 அங்குலம் தோளிலிருந்துதான். குழியிலிருந்து விளிம்பு வரை டேப்பை வைத்தால் சரியாக 3 அங்குலம்.

சரம் கோப்பவர், 7 ஜூன் 2023

நிற்கவைத்து அளந்திருந்தால் இன்னும் நல்லது. உட்காரும்போது தோள் முன்னால் வளையும். இருக்கட்டும், கால் அங்குலத்துக்கு மேல் மாறாது.

இனி கணக்கு எளிது. சரத்தில் 2 அங்குலம் கூட்டினால் முன்பக்கம் ஏறக்குறைய 1 அங்குலம் இறங்கும். 8 மி.மீ. முத்தாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் தங்கைக்கு 16 அங்குலம் குழியிலேயே படிந்துவிடும். 18 குழிக்குக் கீழே 1 அங்குலம், 20 என்றால் 2 அங்குலம். 22 அங்குலம் குழிக்குக் கீழே 3 அங்குலத்தில், அதாவது சரியாக ரவிக்கையின் விளிம்பில் வந்து படுக்கும். அதுதான் கூடாத இடம். பாதி முத்து தோல்மேலும் பாதி முத்து துணிமேலும் ஏறி நிற்கும். நடக்கும்போது சரம் விளிம்புக்குள் நழுவும், திரும்பும்போது வெளியே வரும். அன்று சாயங்காலம் முழுவதும் ஒரு கை அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

சரத்தின் கீழ்ப்புள்ளி விளிம்புக்கு மேலே ஓர் அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பைத் தாண்டி 2 அங்குலமாவது கீழே போய்விட வேண்டும். நடுவில் நிற்பது எந்தப் பெயரில் விற்றாலும் இந்த ரவிக்கைக்கு ஆகாது. ஆக, பதக்கமில்லாத முத்துச்சரம் என்றால் 18 நன்றாக இருக்கும். 20 ஒப்பேறும்.

சிவப்புக்கல், 7 ஜூன் 2023

18. எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

ஊசிநூல், 8 ஜூன் 2023

இந்தத் தங்கையின் ரவிக்கைக்கு 18. வட்டக் கழுத்து என்று பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நான் தைப்பதிலேயே வட்டக் கழுத்து பல ஆழங்களில் உண்டு. 4 அங்குல ஆழத்தில் மூடினாற்போல் கேட்பவர்களுக்கு விளிம்பு குழிக்குக் கீழே ஓர் அங்குலத்தில் வந்துவிடும். அங்கே இதே 18 விளிம்பின்மேல் விழும். அவர்களுக்குக் கழுத்தை ஒட்டி ஒன்று, இல்லாவிட்டால் 22க்கு மேல்தான். சுடிதார் மேல்சட்டைகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், பாதிக்கு மேல் மூடிய வட்டம்தான்.

அகலமும் பார்க்க வேண்டும். கழுத்தை அகலமாக வெட்டியிருந்தால் 16 அங்குலச் சரம் வெறும் தோலுக்கு நடுவில் தனியாக நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஏதோ குறைவதுபோல் தோன்றும்.

மணமகளின் அக்கா, 8 ஜூன் 2023

கீழே சின்னப் பதக்கம் வைத்துக் கோக்கச் சொல்லலாம் என்கிறாள் தங்கை. ஒன்றேகால் அங்குலம் நீளம்.

சரம் கோப்பவர், 9 ஜூன் 2023

அப்படியானால் 18 என்பது நுனியில் இரண்டேகால் அங்குலம் ஆகிவிடும். விளிம்புக்கு முக்கால் அங்குலம்தான் மிச்சம். 20 வாங்கினால் பதக்கம் விளிம்பின்மேல் நேராக ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதை விட்டுவிடுங்கள். பதக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் சரத்தை 17க்குக் குறையுங்கள்.

வளைவையும் யோசித்துப் பாருங்கள். ஒரே அளவு முத்துகள் கோத்த சரம் வளைந்து தொங்கும். வட்ட விளிம்பும் அதே வளைவு என்பதால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகப் படியும். மெல்லிய சங்கிலியில் கனமான பதக்கம் போட்டால் அது சங்கிலியைக் கூராக இழுத்துவிடும். வட்டத்துக்குள் ஒரு முக்கோணம். தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் பார்ப்பவர் கண் பதக்கத்துக்குப் போகும், சரத்துக்குப் போகாது. முத்துக்காகச் செலவு செய்கிறீர்கள் என்றால் யோசியுங்கள்.

யாழ்ப்பாணத்து மருமகள், 11 ஜூன் 2023

எனக்கு வேறு சிக்கல். எங்கள் பக்கம் தாலிக்கொடி தடித்தது, விசேஷங்களில் வெளியே தெரியத்தான் போடுவோம். அதன்மேல் இந்த மேட்டினி நீளத்தில் எதைப் போட்டாலும் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாமி வந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று. பிறகு கழுத்தோடு ஒட்டிய அட்டியல் மட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நீளமாக எதையாவது போடுவதற்கு வழி உண்டா?

சரம் கோப்பவர், 11 ஜூன் 2023

கொடியைவிட முன்பக்கம் 2 அங்குலமாவது கீழே இறங்க வேண்டும், அதாவது நீளத்தில் 4 அங்குலம் கூடுதல். உங்கள் கொடி 26 என்றால் ஆரம் 30க்குக் குறையக் கூடாது. ஒரே எடையில் இரண்டு இருந்தாலும் பின்னிக்கொள்ளும். ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் இருந்தால் குறையும், ஆனால் முழுதாக நிற்காது.

காஞ்சிப்பட்டு, 12 ஜூன் 2023

இவ்வளவு நேரம் புடவையை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ரவிக்கை விளிம்பு ஒரு கோடு என்றால், முந்தானையின் ஓரம் இன்னொரு கோடு. வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்குச் சாய்வாக மார்பின் குறுக்கே ஏறுகிறது. மடித்து ஊக்குக் குத்தினால் அந்த ஓரம் பட்டையாக, ஜரிகையோடு, தடித்து நிற்கும். குழிக்குக் கீழே 4, 5 அங்குலத்தில், அதாவது 24 அங்குலச் சரமோ பதக்கமோ வந்து முடிகிற இடத்தில், பலருக்கு இந்தச் சாய்வுக்கோடு கடக்கும். முதலில் மாலையைப் போட்டுப் பிறகு முந்தானையைக் குத்தினால் இடது பாதி உள்ளே போய்விடும். வெளியே தெரிவது அரை மாலை. மேலே எடுத்துவிட்டால் இடதுபக்கம் மடிப்பின்மேல் ஏறி, பதக்கம் வலப்பக்கம் சாயும். புடவைக்கு மேட்டினி என்று எழுதியவர் முந்தானை குத்திப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

நீளமாகப் போடுவதென்றால் முழுதும் முந்தானையின் மேல் விழும்படி 30க்கு மேல் போங்கள். புடவை கட்டி, ஊக்குக் குத்தி, கடைசியாக ஆரத்தைப் போடுங்கள். கல் பதித்த ஆரமென்றால் பின்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கல்லைப் பிடிக்கும் கம்பி ஒன்று தூக்கியிருந்தாலும் பட்டில் இழை இழுத்துவிடும்.

ஊசிநூல், 12 ஜூன் 2023

முந்தானையை மடிக்காமல் ஒற்றையாக விரித்து விடுபவர்களுக்கு இது பொருந்தாது. மெல்லிய புடவையில் 24 அங்குலச் சங்கிலி ஒரு பாதி உள்ளே மங்கலாகத் தெரிந்தால் அதுவும் அழகுதான்.

காஞ்சிப்பட்டு, 12 ஜூன் 2023

ஷிஃபானுக்கு ஒப்புக்கொள்கிறேன். பட்டுக்கு மாட்டேன்.

பாட்டியின் பெட்டி, 19 ஜூன் 2023

தாமதமாக வருகிறேன். என்னிடம் இருப்பது பாட்டி கொடுத்த கெம்பு அட்டிகை. இதை சோக்கர் என்கிறார்கள் கடையில். ஆனால் பின்னால் பட்டுக்கயிறு, முடிச்சை ஏற்றி இறக்கலாம். இறுக்கினால் கழுத்தோடு, தளர்த்தினால் ரவிக்கை வரை வருகிறது. இதற்கு எந்தப் பெயர்? தளர்த்தும்போது இரண்டு ஓரத்திலும் உள்ள துண்டுகள் புரண்டு பின்புறம் தெரிகிறது. பழுதாகிவிட்டதா?

சரம் கோப்பவர், 19 ஜூன் 2023

பழுதில்லை. நம்முடைய அட்டிகைக்கு நிலையான நீளம் கிடையாது என்பதால்தான் மேல்நாட்டுப் பெயர்கள் அதன்மேல் ஒட்டுவதில்லை. வேலைப்பாடு உள்ள முன்பகுதி மட்டும் நிலையானது, மீதியைக் கயிறோ பின்சங்கிலியோ பார்த்துக்கொள்ளும்.

ஆனால் முன்பகுதியின் வளைவு ஒரு குறிப்பிட்ட கழுத்துச்சுற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. துண்டுகளை இணைக்கும் கண்ணிகள் அந்த வளைவுக்குத்தான் இசையும். தளர்த்தித் தாழ்த்தினால் ஓரத் துண்டுகள் காறை எலும்பின் மேட்டில் ஏறுகின்றன, கீழிருந்து பிடிப்பில்லாததால் புரள்கின்றன. கழுத்தில் ஒட்டி இருக்கும்போது புரளாமல் இருந்தால் நகை நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒட்டிப் போட்டும் புரண்டால் கண்ணி தேய்ந்திருக்கும், ஆசாரியிடம் காட்டுங்கள். முன்பகுதி கனமாகவும் கயிறு எடையில்லாமலும் இருந்தால் மொத்தமும் முன்னால் வழுக்கும். கயிற்றின் முனையில் குஞ்சம் கட்டுவது அழகுக்காக என்று நினைக்கிறோம், அந்தச் சிறு எடை பின்னால் இழுத்துப் பிடிக்கவும் உதவுகிறது.

பொன்னெடை, 20 ஜூன் 2023

நகைக்கடையில் வேலை செய்கிறேன், ஒரு சொல் மட்டும். நீளம் போதவில்லை என்று தங்கச் சங்கிலியை நீட்டச் சொல்பவர்கள் எடையையும் நினைவில் வையுங்கள். 18 அங்குலத்தில் ஒரு பவுன் சங்கிலி, அதாவது 8 கிராம், அதே பருமனில் 20 ஆக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 0.9 கிராம் கூடுதல் தங்கம். நெக்லஸ் என்றால் பின்சங்கிலி மட்டும் தனியாக வாங்குங்கள், மலிவு. கூந்தல் மறைக்கும் இடம், வெள்ளியில் முலாம் பூசினாலும் யாருக்கும் தெரியாது.

காஞ்சிப்பட்டு, 20 ஜூன் 2023

கொண்டை போடுகிறவர்களுக்குத் தெரியும். பின்கழுத்து 9 அங்குலம் இறக்கித் தைத்துவிட்டு முலாம் பூசிய சங்கிலியா? கயிறு கட்டுங்கள், ரவிக்கை நிறத்தில்.

சிவப்புக்கல், 23 ஜூன் 2023

குட்டைக் கழுத்துக்கு சோக்கர் கூடாது என்பதை யாருமே சொல்லவில்லையே.

சரம் கோப்பவர், 23 ஜூன் 2023

வேண்டுமென்றே சொல்லவில்லை. உயரமான பட்டையாக இருக்கும் அட்டிகை குட்டைக் கழுத்தில் தாடைக்கும் காறை எலும்புக்கும் நடுவில் இடமே விடாது, அது உண்மை. ஒற்றை வரிசை மெல்லிய சரம் அப்படி இல்லை. கழுத்தின் நீளத்தைவிட நகையின் உயரம்தான் முடிவு செய்கிறது.

ஊசிநூல், 23 ஜூன் 2023

எனக்கு உடன்பாடில்லை. மெல்லியதானாலும் கழுத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும். என்னிடம் வரும் அப்படிப்பட்ட பெண்களுக்கு ரவிக்கையை அரை அங்குலம் இறக்கி, சரத்தையும் இறக்கச் சொல்வேன்.

சரம் கோப்பவர், 24 ஜூன் 2023

உங்கள் வழியில் துணி ஒத்துழைக்கிறது, என்னிடம் வருபவர்கள் ரவிக்கையைத் தைத்துமுடித்துவிட்டு வருகிறார்கள். இதற்கு மேல் இதில் வாதாடப் போவதில்லை.

மணமகளின் அக்கா, 2 ஜூலை 2023

தங்கை பதக்கத்தை விட்டுவிட்டாள். 18 அங்குலம், 8 மி.மீ., ஒற்றைச் சரம் கோக்கச் சொன்னோம். வாங்கிவந்து ரவிக்கையோடு போட்டுப் பார்த்தால், கணக்கிட்டதைவிடச் சற்றுக் கீழே நிற்கிறது. குழியிலிருந்து ஒன்றரை அங்குலம். மோசமில்லை, விளிம்புக்கு இன்னும் ஒன்றரை இருக்கிறது. காரணம் என்ன?

சரம் கோப்பவர், 2 ஜூலை 2023

முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டிருக்கிறார்களா? மேசையில் வைத்து நீளத்தை அளந்து பாருங்கள்.

மணமகளின் அக்கா, 2 ஜூலை 2023

முடிச்சு இருக்கிறது. பத்தொன்பது அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு.

சரம் கோப்பவர், 2 ஜூலை 2023

அதுதான். 18 அங்குலத்துக்கான முத்துகளை எண்ணி எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டுக் கோத்திருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட முத்துகளுக்கு நடுவில் ஒவ்வொரு முடிச்சும் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இடம் எடுத்தாலும் ஓர் அங்குலத்தை நெருங்கிவிடும். முடிச்சை எடுக்கச் சொல்லாதீர்கள், நூல் அறுந்தால் ஒரு முத்துதான் விழும் என்பதே அதன் பயன். பட்டுநூல் பழகப் பழக இன்னும் சிறிது தளரும். இரண்டு முத்துகளை எடுத்துவிட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள், நீளத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழியும். எடுத்த முத்துகளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

மணமகளின் அக்கா, 3 ஜூலை 2023

முந்தானையின் மேல் அம்மாவின் காசுமாலையும் போடப் போகிறாளாம். 32 அங்குலம். முத்துக்கும் தங்கத்துக்கும் ஒத்துப்போகுமா என்று இங்கே யாராவது சண்டை தொடங்கலாம்.

காஞ்சிப்பட்டு, 3 ஜூலை 2023

ஒத்துப்போகாது.

சிவப்புக்கல், 3 ஜூலை 2023

போகும். புடவை என்ன நிறம்?